கருப்பு டி-ஷர்ட்டில் பாரதி முகம்: நாலு நூல் போதும்

கேள்வி: "பாரதியார் முகத்தைக் கருப்பு டி-ஷர்ட்டில் எம்பிராய்டரி போட வேண்டும், உயரம் 12 செ.மீ. ஒற்றை ஊசி மெஷின், இங்க்ஸ்டிச் மென்பொருள். தானாகப் பஞ்சிங் செய்யும் ஒரு கருவியில் படத்தைக் கொடுத்தால் 14 நிறம், 38,000 தையல் வந்தது. தைத்துப் பார்த்தேன், துணி சுருங்கி அட்டை மாதிரி விறைத்துவிட்டது. ஆளும் பாரதி மாதிரி இல்லை. எத்தனை நூல் போதும்? எந்த இடத்துக்கு எந்தத் தையல்?"

நாலு நூல். பழுப்பு, வெண்மஞ்சள், சிவப்பு, கருப்பு. ஐந்தாவது நிறம் உங்களிடம் ஏற்கனவே இருக்கிறது, அது டி-ஷர்ட். தையல் எண்ணிக்கையும் பத்தாயிரத்தை ஒட்டியே நிற்கும். எப்படி என்று சொல்கிறேன்.

தானியங்கிக் கருவி படத்தில் தெரிகிற ஒவ்வொரு நிற வேறுபாட்டையும் ஒரு தனித் துண்டாக எடுத்துக்கொள்கிறது. கன்னத்தில் வெளிச்சம் மெதுவாக மங்குகிற இடத்தில் ஆறு பழுப்பு. தலைப்பாகையில் நாலு வெள்ளை. இந்தத் துண்டுகள் பல இடங்களில் ஒன்றின் மேல் ஒன்று விழும். அதனால் சில இடத்தில் மூன்று அடுக்கு நூல் ஏறிவிடும். அட்டை மாதிரி விறைத்தது அதனால்தான். நூல் மையைப் போலக் கலக்காது, பக்கத்துப் பக்கத்தில் வைத்த இரண்டு பழுப்பும் நடுவில் ஒரு கோடு போட்ட மாதிரிதான் தெரியும். அந்தக் கோடுகள் முகத்தில் இல்லாத சுருக்கங்களை உண்டாக்கி ஆளை மாற்றிவிடுகின்றன.

ஆகவே நிறத்தை மறந்துவிட்டு வெளிச்சத்தை மட்டும் பாருங்கள். படத்தை முதலில் கருப்பு வெள்ளையாக்குங்கள். அப்புறம் ஜிம்ப்பில் `Colors > Posterize` போய் மூன்று படிக்குக் குறையுங்கள். இருட்டு, நடு, வெளிச்சம். அவ்வளவுதான். பாரதி விஷயத்தில் இது அதிசயமாக நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் சுவர்களிலும் பள்ளி மேடைகளிலும் வரைந்து வரைந்து அந்த முகம் ஏற்கனவே சில பெரிய வடிவங்களாகச் சுருங்கிவிட்டது. வெள்ளைத் தலைப்பாகை, நெற்றிப் பொட்டு, கண், முறுக்கிய மீசை, கருப்புக் கோட்டு. இவற்றில் கோட்டைத் தைக்கவே வேண்டாம், துணியே கோட்டு. கழுத்தை ஒட்டிய கோட்டின் ஓரத்துக்கு மட்டும் வெண்மஞ்சளில் ஒரு கோடு போட்டால், மீதியைப் பார்ப்பவர் கண்ணே நிரப்பிக்கொள்ளும்.

மூன்று படிக்குக் குறைத்த படத்தை இங்க்ஸ்கேப்பின் `Trace Bitmap` மூலம் அப்படியே பாதையாக்காதீர்கள். ஓரம் பற்கள் பற்களாக வரும், ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத பொட்டுப் பொட்டான தீவுகள் கிடைக்கும். ஒவ்வொரு தீவுக்கும் மெஷின் நூலை வெட்டி, தாவி, மறுபடி முடிச்சுப் போடும். படத்தைக் கீழே வைத்துப் பேனா கருவியால் நீங்களே வடிவங்களை வரைந்துகொள்ளுங்கள். இந்த முகத்துக்கு இருபதுக்குள் வடிவங்கள் போதும். வரைந்ததை உண்மை அளவில், 12 செ.மீ. உயரத்தில் காகிதத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டி, அறையின் மறுகோடியிலிருந்து பாருங்கள். அங்கிருந்து பாரதி என்று தெரியாவிட்டால் நூலில் தைத்தாலும் தெரியாது. கோளாறு வடிவத்தில் இருக்கிறது, அங்கேயே திருத்துங்கள்.

நூல் தேர்வில் ஒரு எச்சரிக்கை. கருப்புத் துணியில் பழுப்பு நூல் நீங்கள் நினைப்பதைவிட இருட்டாகத் தெரியும். கண்டிலிருந்து ஓர் இழையை எடுத்து டி-ஷர்ட்டின் மேல் நாலைந்து வரி போட்டு, போனில் கருப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பாருங்கள். பழுப்பு, துணிக்கும் வெண்மஞ்சளுக்கும் ஏறக்குறைய நடுவில் நிற்க வேண்டும். சாக்லேட் பழுப்பு துணியோடு போய்விடும், தேன் நிறத்தை ஒட்டிய பழுப்புதான் சரியாக வரும். தூய வெள்ளையை நான் எடுக்கமாட்டேன். கருப்பில் அது கண்ணைக் கூசும், பக்கத்தில் இருக்கும் முகத்தை இன்னும் மங்கலாக்கும்.

இப்போது முகம். இதை ஃபில் தையலில் நிரப்புங்கள். நெற்றி, மூக்கு, வெளிச்சம் விழும் கன்னம் ஆகியவை ஒரே வடிவம். இங்க்ஸ்டிச்சின் `Params` திறந்தால் `Spacing between rows` என்பதில் 0.25 மி.மீ. இருக்கும், அது சரியாகவே இருக்கிறது. மற்ற மென்பொருள்களில் 0.4 என்று படித்துவிட்டு இங்கே மாற்றிவிடாதீர்கள், வரிசை இடைவெளியை அளக்கும் முறை மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். அடியில் அண்டர்லே கட்டாயம் வேண்டும். அது மேல் தையலுக்கு நேர்குறுக்காக, அகலமான இடைவெளியில் ஓடி, நெகிழ்கிற பனியன் துணியை அதன் அடியில் வைக்கும் பேக்கிங் பேப்பரோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்.

நிழல் விழும் கன்னமும் தாடையும்தான் சுவாரசியம். வழக்கமாக இதற்கு இன்னொரு அடர் பழுப்பு எடுப்பார்கள். தேவையில்லை. அதே பழுப்பு நூலை வரிசை இடைவெளி 0.6 மி.மீ. வைத்துத் தைத்தால் நடுவே கருப்புத் துணி எட்டிப் பார்க்கும். இரண்டும் சேர்ந்து கைதூரத்துக்கு அப்பால் ஓர் அடர் பழுப்பாகவே தெரியும். வெள்ளை டி-ஷர்ட்டாக இருந்தால் இது தலைகீழ், இடைவெளி கூடக் கூட இடம் வெளுக்கும். இந்தப் பகுதியில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். அண்டர்லேயை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் குறுக்காக ஓடும் அடி நூல் இடைவெளியில் தெரிந்து கட்டம் போட்ட துணி மாதிரி ஆகிவிடும். அண்டர்லே இல்லாததால் நூல் பனியன் துணியின் கண்களுக்குள் அமிழப் பார்க்கும். அதற்கு மேலே தண்ணீரில் கரையும் பிலிம் ஒன்றைப் போட்டுத் தைத்து, முடிந்ததும் கிழித்து எடுத்துவிட்டு மிச்சத்தை ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். தையல் நீளத்தையும் 3 மி.மீ. இலிருந்து 2.5 ஆகக் குறைத்தால் வரிகள் நெளியாமல் நிற்கும்.

வெளிச்சப் பகுதியும் நிழல் பகுதியும் சேரும் இடத்தில் வரிகள் ஒரே கோணத்தில் ஓடட்டும். அப்போதுதான் அடர்த்தி குறைவது போலத் தெரியுமே தவிர, ஒட்டுப் போட்டது போலத் தெரியாது. மூக்குக்கு வெளிக்கோடு போட வேண்டாம். ஒரு பக்கம் நிழல் பகுதி மூக்கின் ஓரத்தில் முடிகிற விதமே மூக்கைக் காட்டிவிடும். நாசித் துளைக்குக் கருப்பில் சின்னதாக ஒரு வளைவு, அது போதும்.

தலைப்பாகைக்கு வருவோம். இங்கேயும் ஒரே வெண்மஞ்சள்தான், ஆனால் மடிப்பு தெரிய வேண்டும். எம்பிராய்டரி நூல் பளபளப்பானது, எந்தத் திசையில் படுத்திருக்கிறதோ அதற்கேற்ப வெளிச்சத்தைத் திருப்பும். ஒரு மடிப்பை 30 பாகையிலும் அடுத்ததை 120 பாகையிலும் தைத்தால் ஒரே கண்டு நூல் இரண்டு நிறமாகத் தெரியும். ஐந்தாறு மடிப்புகளாகப் பிரித்து, துணி சுற்றப்பட்ட போக்கையொட்டி ஒவ்வொன்றுக்கும் `Angle of lines of stitches` மாற்றுங்கள். இரண்டு முக்கிய மடிப்புகளுக்கு நடுவே மட்டும் 1.5 மி.மீ. கருப்பு இடைவெளி விடுங்கள். அதைவிடக் குறுகலாக விட்டால் இருபுறத்து நூலும் சேர்ந்து மூடிவிடும், திரையில் தெரிந்த கோடு துணியில் காணாமல் போகும்.

இந்தக் கோண வித்தையை முகத்து நிழலுக்கும் பயன்படுத்தலாமே என்று தோன்றும். வேண்டாம். போட்டிருப்பவர் திரும்பினால் வெளிச்சமும் நிழலும் இடம் மாறும். தலைப்பாகையில் அது அழகு. கன்னத்தில் நடந்தால் பாரதி வேறு யாரோ ஆகிவிடுவார்.

பொட்டு சாட்டின் தையல். நெடுக்காக நிற்கும் வடிவம், அகலம் 3 மி.மீ. இருந்தால் நூல் குறுக்காகப் படுத்துச் சற்றுப் புடைத்து நிற்கும். இதற்கு மட்டும் ஒரு நூல் மாற்ற வேண்டுமா என்றால், ஆமாம். நாலு நூலில் மிகக் குறைவாகச் செலவாவது சிவப்பு. ஆனால் அதை எடுத்துவிட்டால் படம் சட்டென்று சோர்ந்துவிடும்.

மீசைதான் இந்தப் படத்தின் உயிர், அதனால் அதற்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். துணியே கருப்புத்தானே, மீசை இடத்தைத் தைக்காமல் விட்டுவிடலாமே என்று முதலில் தோன்றும். செய்து பார்த்தால் மீசை ஒரு பள்ளமாகத் தெரியும், வடிவமும் மாறும். ஃபில் தையல் தன் வரி ஓடும் திசையில் துணியை உள்ளிழுக்கும், அதற்குக் குறுக்குத் திசையில் வெளியே தள்ளும். முகத்து வரிகள் படுக்கையாக ஓடினால் மேலும் கீழும் இருக்கும் பழுப்பு மீசைக்குள் பிதுங்கி அதை மெலியவைக்கும். பாரதிக்கு மெல்லிய மீசை வைத்தால் யார் ஒப்புக்கொள்வார்கள்? ஆகவே கருப்பு நூலில் சாட்டின் போட்டு, முகத்துக்கு மேலே எழும்பி நிற்க வையுங்கள்.

12 செ.மீ. உயரப் படத்தில் மீசையின் ஒரு பாதி தடித்த இடத்தில் 9 மி.மீ. வரும். சாட்டினுக்கு அது அதிகம். 7 மி.மீ. தாண்டிய நூல் தளர்ந்து தொங்கும், துவைக்கும்போது எதிலாவது மாட்டி இழுபடும். அதனால் ஒவ்வொரு பாதியையும் நீளவாக்கில் மேல் கற்றை, கீழ் கற்றை என இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றும் 5 மி.மீ. அகலத்தில், நடுவே சற்று ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி வையுங்கள். பிரிவுக்கோடு மயிர்க்கற்றையாகவே தெரியும், அதுவும் நமக்கு லாபம்.

அடுத்தது நூல் படுக்கும் சாய்வு. சாட்டின் இயல்பாக வடிவத்துக்கு நேர்குறுக்காக ஓடும். அப்படியே விட்டால் மீசை கம்பளிப்பூச்சி மாதிரி இருக்கும். இங்க்ஸ்டிச்சில் சாட்டினுக்கு இரண்டு ஓரக்கோடுகளும் அவற்றை இணைக்கும் குறுக்குக்கோடுகளும் உண்டல்லவா? அந்தக் குறுக்குக்கோடுகளைச் சாய்த்து வரையுங்கள். மூக்கின் கீழ் அவை ஏறக்குறைய செங்குத்தாக இருக்கட்டும், வெளியே போகப் போகச் சாய்ந்து, முறுக்கு மேலெழும் இடத்தில் மீசையின் போக்கோடு ஏறக்குறைய ஒன்றாகப் போகட்டும். மூக்கடியில் தொடங்கி நுனி வரை ஐந்து குறுக்குக்கோடுகள் இருந்தால் திருப்பம் இயல்பாக வரும். `Zig-zag spacing` 0.4 மி.மீ. அப்படியே இருக்கட்டும். அண்டர்லேயில் `Center-Walk` மட்டும் போதாது, `Zig-Zag` ஐயும் சேருங்கள், அதுதான் தூக்கிக் கொடுக்கும்.

நுனியில் சாட்டின் 1 மி.மீ. க்குக் கீழே மெலிந்தால் ஊசி ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தி முடிச்சு மாதிரி உருண்டுவிடும், துணியில் ஓட்டையும் விழலாம். அந்த இடத்தில் சாட்டினை நிறுத்தி, கடைசி 4 மி.மீ. க்கு ஒரே கோட்டில் முன்னும் பின்னும் போய்வரும் பீன் தையலாக மாற்றுங்கள். இங்கே ஒரு சின்ன சிக்கல் உண்டு. நுனி முகத்துக்கு வெளியே போனால் கருப்பின் மேல் கருப்பாகி மறைந்துவிடும். வரையும்போதே முறுக்கு நுனி கன்னத்துப் பழுப்புக்குள், அதுவும் அடர்த்தியாகத் தைத்த பழுப்புக்குள், முடியும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நிழல் பக்கத்து நுனி தெரிய வேண்டுமானால் அந்த இடத்தில் மட்டும் நிழல் எல்லையைச் சற்றுத் தள்ளி வரையலாம். எளிமையாக்கி வரைந்த வடிவம்தானே, யாரும் அளந்து பார்க்கப் போவதில்லை.

மீசைக்கு அடியில் முகத்து ஃபில் முழுதாக ஓட வேண்டாம். மீசையைவிட எல்லாப் பக்கமும் 1 மி.மீ. சிறியதாக முகத்தில் ஒரு துளை விடுங்கள். பனியன் துணி எந்தப் பக்கம் இழுத்தாலும் அந்த 1 மி.மீ. ஓரம் இடைவெளியை மறைக்கும், இரட்டை அடுக்கும் தவிரும். புருவம் மாதிரி 3 மி.மீ. க்கும் குறைந்தவற்றுக்குத் துளை வேண்டாம், மேலேயே தைத்துவிடலாம்.

கண் இந்த அளவில் 11 மி.மீ. நீளம், 5 மி.மீ. உயரம் வரும். விழி வெள்ளைக்கு வெண்மஞ்சள் ஃபில். கருவிழிக்குக் கருப்பு சாட்டின், 4 மி.மீ. அகலம். கண்ணில் வெளிச்சப் புள்ளி இல்லாவிட்டால் பார்வை செத்துவிடும், பாரதியின் பார்வையைச் சொல்லவே வேண்டாம். ஆனால் கருப்புக்கு அப்புறம் மறுபடி வெண்மஞ்சளை மாட்டி நாலு தையல் போடுவது வீண் வேலை. கருவிழியை இரண்டு சாட்டின் துண்டுகளாகப் பிரித்து, மேல்பக்கம் 1.3 மி.மீ. இடைவெளி விட்டால் அடியில் இருக்கும் வெண்மஞ்சளே புள்ளியாகத் தெரியும். மேல் இமை 1.5 மி.மீ. சாட்டின். கீழ் இமைக்கு எதுவும் வேண்டாம், அதற்கும் கோடு போட்டால் மை தீட்டிய கண்ணாகிவிடும். முழுப் படத்தையும் தைக்கும் முன் ஒரு கண்ணையும் மீசையின் ஒரு பாதியையும் மட்டும் தனிக் கோப்பாக்கி, பழைய பனியன் துணியில் தைத்துப் பாருங்கள்.

தைக்கும் வரிசை: பழுப்பு, வெண்மஞ்சள், சிவப்பு, கருப்பு. முகம் நடுவில் இருப்பதால் அதிலிருந்து தொடங்கினால் துணி வெளிநோக்கித் தள்ளப்படும், சுருக்கம் நடுவில் மாட்டிக்கொள்ளாது. நெற்றிப் பழுப்பைத் தலைப்பாகைக்கு அடியில் 1 மி.மீ. நீட்டிவிடுங்கள், பின்னால் வரும் வெண்மஞ்சள் அதன் மேல் ஏறி எல்லையை மூடும். கருப்பு கடைசியில் வருவதால் அதற்கு முன் நடந்த சின்னச் சின்ன விலகல்களையும் அதுவே மறைத்துவிடும். இந்த வரிசையில் மூன்றே முறை நூல் மாற்றினால் போதும். `Simulator` இல் ஓட்டிப் பார்க்கும்போது ஒரே நிறம் இரண்டு இடத்தில் வந்தால், பொருள்களின் அடுக்கு கலைந்திருக்கிறது என்று அர்த்தம்.

கணக்கையும் பார்த்துவிடலாம். வரிசை இடைவெளி 0.25, தையல் நீளம் 3 மி.மீ. என்றால் ஒரு சதுர செ.மீ. க்கு ஏறக்குறைய 130 தையல். தலைப்பாகை 30 சதுர செ.மீ. என்றால் 4,000, முகத்தின் வெளிச்சப் பகுதி 15 என்றால் 2,000. நிழல் பகுதி, மீசை, கண், அண்டர்லே எல்லாம் சேர்த்தாலும் பத்தாயிரத்தைச் சுற்றித்தான். உங்கள் கோப்பு இதைவிட வெகுவாகக் கூடினால் எங்கோ ஒரு வடிவம் இன்னொன்றுக்கு அடியில் முழுதாக ஓடிக்கொண்டிருக்கிறது.

டி-ஷர்ட்டுக்குக் கிழிக்கிற பேக்கிங் பேப்பர் வேண்டாம். வெட்டி எடுக்கும் கட்அவே ரகம்தான் துவைத்த பிறகும் வடிவத்தைப் பிடித்துவைக்கும். ஃப்ரேமில் மாட்டும்போது துணியை இழுத்து விறைப்பாக்காதீர்கள். இழுத்து மாட்டிய துணி, ஃப்ரேமைக் கழற்றியதும் பழைய நிலைக்குத் திரும்பித் தையலைச் சுற்றிச் சுருங்கும். உங்கள் சுருக்கத்தில் பாதி இதனாலும் இருக்கலாம். ஊசி 75/11, முனை மழுங்கிய பால்பாயின்ட் ரகம், நூல் 40 எண்.

முதல் முழுத் தையல் முடிந்ததும் முகத்தின் ஓரங்களைப் பாருங்கள். இடம் வலம் இரண்டு பக்கமும் ஒரே அளவில் கருப்பு இடைவெளி தெரிந்தால் அது நூலின் இழுப்பு. முகத்து ஃபில்லின் `Expand` இல் 0.2 அல்லது 0.3 மி.மீ. கொடுத்தால் சரியாகும். ஒரு பக்கம் இடைவெளி, மறுபக்கம் ஏறி நிற்கிறது என்றால் கோப்பில் கை வைக்காதீர்கள், ஃப்ரேமில் துணி நகர்ந்திருக்கிறது. மீசையின் மேல்புறத்தில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் கீழ்நூல் மேலே வருகிறது. மேல்நூல் இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்துங்கள், அல்லது இந்த ஒரு நிறத்துக்கு மட்டும் பாபினிலும் கருப்பு நூலே போட்டுவிடுங்கள், அது இன்னும் சுலபம்.

கோப்பை DST ஆகச் சேமித்தால் நிறம் அதில் பதியாது, எந்த இடத்தில் நிறுத்தி நூல் மாற்ற வேண்டும் என்பது மட்டுமே இருக்கும். வேறு மெஷினில் தைக்கக் கொடுப்பதாக இருந்தால் நாலு நூலின் வரிசையை ஒரு தாளில் எழுதிக் கூடவே கொடுத்துவிடுங்கள்.